முந்நூறு பிரதிக்கு எந்த இயந்திரம்?

ஒரு சிறுகதைத் தொகுப்பை நூறு பிரதி அச்சிட டிஜிட்டல் இயந்திரம் மலிவு. அதே தொகுப்பை ஆயிரம் பிரதி அச்சிட ஆஃப்செட் மலிவு. பதிப்பகம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எந்த எண்ணிக்கையில் ஒன்று மற்றொன்றைத் தாண்டுகிறது என்று கேட்டால் ஒருவர் இருநூறு என்பார், இன்னொருவர் ஐந்நூறு என்பார். இரண்டுமே காதில் விழுந்த எண்கள்தான். அவரவர் புத்தகத்துக்கு அந்த எண்ணைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒரு கழித்தல், இன்னொரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் வேலை. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் இரண்டு இயந்திரங்களும் பணத்தை எப்படிச் செலவழிக்கின்றன என்று பார்ப்போம்.

ஆஃப்செட்டின் அடிப்படை பழையது. எண்ணெய்ப்பசை உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து ஜெர்மனியில் செனஃபெல்டர் 1796-ல் கல் அச்சைக் கண்டுபிடித்தார். கல் இருந்த இடத்தில் இன்று மெல்லிய அலுமினியத் தகடு இருக்கிறது. அதைத்தான் பிளேட் என்கிறோம். எழுத்து இருக்கும் இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடிக்கும். பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும், அங்கிருந்து தாளுக்கும் மை இறங்குகிறது. டெம்மி அளவுப் புத்தகம் என்றால் 18-க்கு 23 அங்குலத் தாளின் ஒரு பக்கத்தில் எட்டுப் பக்கங்கள் உட்காரும். தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் எட்டு. இந்தப் பதினாறு பக்கங்கள் சேர்ந்தது ஒரு ஃபாரம். 160 பக்கப் புத்தகத்துக்குப் பத்து ஃபாரம். ஃபாரத்துக்கு இரண்டு வீதம் இருபது பிளேட்.

ஒவ்வொரு பிளேட்டை மாட்டும்போதும் நடப்பதை அச்சகத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய பிளேட்டைக் கழற்றி, பிளாங்கெட்டைத் துடைத்து, புதிய பிளேட்டைக் கவ்வியில் மாட்டி, இயந்திரத்தை ஓடவிடுகிறார் மெஷின்மேன். முதலில் வரும் தாள்களில் எழுத்து வெளிறிக் கிடக்கும். மையைக் கூட்டினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படரும். தண்ணீரைக் கூட்டினால் மறுபடி வெளிறும். ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கத்து வரியும் அந்தப் பக்கத்து வரியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கோணல் என்றால் பிளேட்டை ஒரு மயிரிழை நகர்த்துகிறார். எல்லாம் சரியாகி, "ஓட்டலாம்" என்று அவர் சொல்லும் நேரத்தில் இருபது நிமிடம் போயிருக்கும். கழிவுத்தாள் ஓரத்தில் குவிந்திருக்கும். விற்கத்தக்க தாள் ஒன்றுகூட அதுவரை வந்திருக்காது.

அதன்பின் ஓட்டம் தொடங்கினால் மணிக்கு ஐயாயிரம் தாள் சாதாரணமாக ஓடும். 160 பக்கப் புத்தகம் முந்நூறு பிரதிக்குக் கணக்குப் போட்டால், இருபது முறை பிளேட் மாட்டிச் சரிசெய்ய ஏறத்தாழ ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். அச்சிடும் ஓட்டம் மொத்தமாகவே எழுபத்திரண்டு நிமிடம்தான். ஆஃப்செட்டின் செலவு முழுவதும் எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

டிஜிட்டல் இயந்திரத்தில் பிளேட் கிடையாது. 1938-ல் நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் செய்து காட்டிய நிலைமின்னூட்ட அச்சுமுறை அது. ஜெராக்ஸ் கடையில் நாம் பார்ப்பதன் பெரிய அண்ணன். ஜெராக்ஸ் நிறுவனம் 1990-ல் டாக்கூடெக் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு, கணினியில் இருக்கும் கோப்பு நேராகப் புத்தகப் பக்கமாக வெளியே வரும் முறை அச்சுத்தொழிலில் வேரூன்றியது. ஒவ்வொரு பக்கத்தின் உருவமும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருளையின் மேல் வரையப்படுகிறது, டோனர் ஒட்டுகிறது, தாளில் இறங்குகிறது, அழிகிறது. அதனால் முதல் பிரதிக்குத் தயாரிப்பு வேலை மிகக் குறைவு. ஆனால் ஆயிரமாவது பிரதிக்கும் அதே டோனர், அதே உருளைத் தேய்மானம். பல அச்சகங்களில் இயந்திரத்தில் உள்ள மீட்டர் எண்ணும் பக்கத்துக்கு இவ்வளவு என்று இயந்திர நிறுவனம் மாதாமாதம் பில் போடுகிறது. இதைக் கிளிக் சார்ஜ் என்பார்கள். எத்தனை பிரதி அடித்தாலும் இந்த விகிதத்தில் பெரிய மாற்றம் வராது.

ஆக, தொடங்கவே நிறையப் பணம் கேட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கொஞ்சமாகக் கேட்கிறது ஒன்று. தொடங்க ஏறக்குறைய எதுவும் கேட்காமல், ஒவ்வொரு பிரதிக்கும் நிறையக் கேட்கிறது மற்றொன்று. எண்ணிக்கை ஏறினாலும் மாறாமல் நிற்பதை நிலைச்செலவு என்றும், ஒவ்வொரு பிரதிக்கும் கூடிக்கொண்டே போவதை மாறும் செலவு என்றும் கணக்கியலில் சொல்வார்கள்.

இப்போது நம் 160 பக்கப் புத்தகத்துக்கு எண்களைப் போடுவோம். விகிதங்கள் ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம், காகித விலைக்கு ஏற்ப மாறும். இங்கே வைப்பது கணக்கைக் காட்டுவதற்கான எண்கள். உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட்டில் உள்பக்கங்களுக்கு இருபது பிளேட், நான்கு வண்ண அட்டைக்கு நான்கு பிளேட். பிளேட் ஒன்று 300 ரூபாய் என்றால் 7,200. அடுத்தது இயந்திரக் கூலி. மை இதற்குள் அடக்கம். பெரும்பாலான அச்சகங்கள் ஆயிரம் தாளுக்கு இவ்வளவு என்று கூலி சொல்கின்றன. ஆயிரத்துக்குக் குறைவாக ஓட்டினாலும் ஆயிரத்துக்கான கூலிதான். ஒரு பக்க ஓட்டத்துக்கு 350 ரூபாய் என்றால் இருபது ஓட்டத்துக்கு 7,000. அட்டை அச்சிட 2,000. சரிசெய்யும்போது வீணாகும் தாள் ஃபாரத்துக்கு நூறு என்று வைத்தால் ஆயிரம் தாள். ஒரு தாளின் விலை என்ன? 18-க்கு 23 அங்குலத்தில் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் ஒன்று ஏறத்தாழ 18.7 கிராம் இருக்கும். கிலோ 90 ரூபாய் என்றால் தாள் ஒன்று 1 ரூபாய் 70 காசு. ஆக வீணாகும் உள்தாள் 1,700, அட்டையில் வீணாவது 300. பைண்டிங் இயந்திரத்தை இந்த அளவுக்குத் தயார் செய்ய 800. எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். ஒரு பிரதி அடித்தாலும் இது போய்விடும்.

பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் பத்துத் தாள், 17 ரூபாய். அட்டைத்தாளும் லேமினேஷனும் 5. மடித்து, அடுக்கி, பசை போட்டு, ஓரம் வெட்டப் பத்து. பிரதிக்கு 32 ரூபாய்.

டிஜிட்டலில் கோப்பைச் சரிபார்த்து, ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, வெட்டும் அளவு அமைக்க 1,000 ரூபாய். உள்பக்கம் ஒன்றுக்குத் தாள் உட்பட 40 காசு, 160 பக்கத்துக்கு 64. அட்டை 12, பைண்டிங் 16. சிறு எண்ணிக்கை என்பதால் இந்த இரண்டுமே ஆஃப்செட்டைவிடக் கூடுதல். பிரதிக்கு 92 ரூபாய்.

இனி கணக்கு எளிது. தொடங்கும்போது ஆஃப்செட் 18,000 ரூபாய் பின்தங்கி நிற்கிறது. ஒவ்வொரு பிரதியிலும் 92-க்கும் 32-க்கும் உள்ள வித்தியாசமான 60 ரூபாயை அது திரும்பப் பிடிக்கிறது. 18,000-ஐ 60-ஆல் வகுத்தால் 300.

சமமாகும் எண்ணிக்கை = (ஆஃப்செட் நிலைச்செலவு − டிஜிட்டல் நிலைச்செலவு) ÷ (டிஜிட்டல் பிரதிச்செலவு − ஆஃப்செட் பிரதிச்செலவு)

விடையை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். முந்நூறு பிரதிக்கு ஆஃப்செட் 19,000-உடன் 9,600 சேர்ந்து 28,600. டிஜிட்டல் 1,000-உடன் 27,600 சேர்ந்து அதே 28,600. ஒத்துப்போகிறது. நூறு பிரதிக்கு டிஜிட்டல் 10,200, ஆஃப்செட் 22,200. ஆயிரத்துக்கு டிஜிட்டல் 93,000, ஆஃப்செட் 51,000. விடை எதிர்மறை எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். நிலைச்செலவிலும் மாறும் செலவிலும் ஒரே இயந்திரமே மலிவாக இருக்கிறது, இரண்டும் எந்த எண்ணிக்கையிலும் சந்திப்பதில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதில் இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே இருப்பதுதான். இரண்டு இயந்திரத்துக்கும் பொதுவான எந்தச் செலவும் உள்ளே வருவதில்லை. மெய்ப்புத் திருத்தியவருக்குக் கொடுத்தது, பக்கம் வடிவமைத்தவருக்குக் கொடுத்தது, அட்டை ஓவியருக்குக் கொடுத்தது எல்லாம் புத்தகத்தின் அடக்கவிலைக்கு வேண்டும், விலை வைக்கும்போது வேண்டும். ஆனால் எந்த இயந்திரம் என்ற கேள்விக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே தொகை ஏறினால் வித்தியாசம் அப்படியே இருக்கும்.

காகித விலையை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் ஏறினால் பதிப்பாளர்கள் எல்லாக் கணக்கையும் மறுபடி போடத் தொடங்குவார்கள். அடக்கவிலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு இயந்திரமும் ஒரே தாளில்தான் அடிக்கின்றன. உள்தாள் விலை நூற்றுக்கு முப்பது ஏறினால் பிரதிக்கு 5 ரூபாய் 10 காசு இரண்டு பக்கமும் கூடும். வித்தியாசம் அதே 60. சரிசெய்யும்போது வீணாகும் தாளின் விலை மட்டும் ஆஃப்செட்டுக்கு 510 ரூபாய் கூடும். சமமாகும் எண் 300-லிருந்து 309-க்குப் போகும். அவ்வளவுதான்.

பக்க எண்ணிக்கையும் அப்படித்தான். பெரிய புத்தகம் என்றால் ஆஃப்செட்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இதே புத்தகம் 320 பக்கமாக இருந்தால் பார்ப்போம். பிளேட் நாற்பத்து நான்கு, ஓட்டம் நாற்பது, வீணாகும் தாள் இரட்டிப்பு. அட்டை, பைண்டிங் தயாரிப்பு மாறவில்லை. ஆஃப்செட் நிலைச்செலவு 33,700 ஆகிறது. பிரதிக்குத் தாள் 34, அட்டை 5, கூடுதல் ஃபாரங்களை அடுக்க வேண்டும் என்பதால் பைண்டிங் 14, மொத்தம் 53. டிஜிட்டலில் நிலைச்செலவு அதே 1,000. பிரதிக்கு உள்பக்கம் 128, அட்டை 12, பைண்டிங் 20, மொத்தம் 160. வித்தியாசங்கள் 32,700, 107. வகுத்தால் 306. புத்தகம் இரண்டு மடங்காகியும் சமமாகும் எண் ஆறு பிரதிதான் நகர்ந்திருக்கிறது. பிளேட்டும் பக்கத்தோடு பெருகுகிறது, கிளிக்கும் பக்கத்தோடு பெருகுகிறது. வகுத்தலின் மேலும் கீழும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் விடை நகராது.

நகர்த்துவது எது என்றால், ஒரு பக்கத்தை மட்டும் தொடும் செலவு. டிஜிட்டல் பக்கக் கட்டணம் 40 காசிலிருந்து 30 காசுக்கு இறங்கினால் பிரதிச்செலவு 76 ஆகிறது, வித்தியாசம் 44 ஆகிறது, சமமாகும் எண் 409-க்குத் தாவுகிறது. பக்கத்துக்குப் பத்துக் காசு, நூறு பிரதிக்கு மேல் நகர்த்திவிடுகிறது. அதனால் பேரம் பேச நேரம் குறைவாக இருந்தால், டிஜிட்டல் அச்சகத்தில் பக்கக் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட்டையும் குறைந்தபட்சக் கூலியையும் பற்றிப் பேசுங்கள். முதல் புத்தகம் போடுகிறவர்கள் காகிதத்தின் விலையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அச்சகங்கள் செலவை இப்படிப் பிரித்துத் தருவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். "முந்நூறு பிரதி, 28,600" என்று ஒரே வரியில்தான் வரும். அப்போது இன்னொரு எண்ணிக்கைக்கும் கேட்டு வாங்க வேண்டும். எண்ணூறு பிரதிக்கு 44,600 என்கிறார்கள். ஐந்நூறு பிரதி கூடியதற்கு 16,000 கூடியிருக்கிறது. பிரதிக்கு 32 ரூபாய். முந்நூறுக்கு 9,600 போக மீதி 19,000 நிலைச்செலவு. அச்சகக்காரர் தன் வாயால் சொல்லாத இரண்டு எண்களும் கைக்கு வந்துவிட்டன. டிஜிட்டலிலும் ஐம்பதுக்கு 5,600, இருநூறுக்கு 19,400 என்று இரண்டு விலை வாங்கினால் போதும். 13,800-ஐ 150-ஆல் வகுத்தால் 92.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மூன்றாவதாக ஒரு எண்ணிக்கைக்கும் விலை கேட்டு, அது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. ஐந்நூறுக்கு 35,000 வர வேண்டும். வெகுவாக விலகினால் நடுவில் எங்கோ ஒரு படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆஃப்செட்டில் அந்தப் படி ஆயிரத்தில் இருக்கிறது. ஆயிரம் வரை ஓட்டக்கூலி ஒரே தொகை. ஆயிரத்தைத் தாண்டினால் அடுத்த ஆயிரத்துக்கான கூலி சேரும். நாம் நிலைச்செலவு என்று வைத்த 19,000 ஆயிரம் பிரதிக்குள் மட்டும்தான் நிலையானது. நம் விடை 300 என்பதால் சிக்கல் இல்லை. விடை 1,300 என்று வந்திருந்தால் அந்த விடையே செல்லாது. இரண்டாம் ஆயிரத்தின் கூலியைச் சேர்த்து மறுபடி போட வேண்டும். விடை கிடைத்ததும், கணக்குக்கு எடுத்த செலவுகள் அந்த எண்ணிக்கையிலும் உண்மையா என்று ஒருமுறை பார்த்துவிடுவது இதற்காகத்தான்.

இதுவரை அச்சடிக்கக் கொடுப்பவரின் கணக்கு. அச்சக முதலாளியின் கணக்கு வேறு. அவரிடம் இரண்டு இயந்திரமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வங்கியில் மாதத் தவணை ஓடுகிறது. இன்று வந்திருக்கும் ஒரு வேலையை எதில் ஏற்றுவது என்று அவர் யோசிக்கும்போது அந்தத் தவணை கணக்கில் வரவே கூடாது. எதில் ஏற்றினாலும் இரண்டு தவணையும் கட்டியாக வேண்டும். புதிய இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கும் நாளில்தான் தவணை நிலைச்செலவாகும். அன்றைக்கு எண்ணிக்கையும் ஒரு புத்தகத்தின் பிரதியாக இருக்காது, ஓராண்டில் வரும் மொத்தப் பக்கங்களாக இருக்கும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

தவணையை விட்டாலும் நேரத்தை விட முடியாது. சிவகாசியை நினைத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் வெளியாகும். அதிலிருந்து ஆண்டு முடியும் வரை காலண்டர், டைரி வேலைகள் குவியும். அந்த மாதங்களில் முந்நூறு பிரதி சிறுகதைத் தொகுப்பு ஒன்றை ஆஃப்செட்டில் ஏற்றினால், ஏறத்தாழ எட்டு மணி நேரம் இயந்திரம் அதிலேயே முடங்கும், அதுவும் பெரும்பகுதி பிளேட் மாட்டுவதில். அதே எட்டு மணி நேரத்தில் காலண்டர் வேலை 6,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுக்கும் என்றால், அந்த 6,000 இந்தப் புத்தகத்தின் நிலைச்செலவில் சேர வேண்டியதுதான். வித்தியாசம் 24,000 ஆகிறது, சமமாகும் எண் 400 ஆகிறது. பிப்ரவரியில் "ஆஃப்செட்டிலேயே போட்டுடலாம்" என்ற அதே அச்சகம், அக்டோபரில் "டிஜிட்டல்ல போட்டுக்குங்களேன்" என்று சொல்வதற்கு இப்படி ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

பதிப்பாளரின் பக்கத்துக்குத் திரும்புவோம். இந்தக் கணக்கில் பணம் அதிகம் தொலையும் இடம் அங்கேதான். அச்சக மேலாளர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "அண்ணே, ஐந்நூறு போட்டா ஒரு புக்கு எழுபது ரூபா அடங்கும், ஆயிரம் போட்டா ஐம்பத்தொண்ணுதான். ஆயிரமே போட்டுருங்கண்ணே." அவர் சொல்லும் எண்ணில் தவறே இல்லை. 35,000-ஐ 500-ஆல் வகுத்தால் 70. 51,000-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 51. ஆனால் அது அச்சிட்ட பிரதிக்கு ஆன செலவு. பதிப்பாளருக்குப் பணம் திரும்பி வருவது விற்ற பிரதியிலிருந்து.

ஆயிரம் போட்டு நானூறு விற்றால் விற்ற பிரதி ஒன்றுக்கு ஆன அச்சுச்செலவு 127 ரூபாய் 50 காசு. அதே நானூறை டிஜிட்டலில் அடித்திருந்தால்கூட 94 ரூபாய் 50 காசுதான் ஆகியிருக்கும். மலிவான இயந்திரத்தில், மலிவான எண்ணிக்கையில் அடித்தும் பிரதிக்கு 33 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. விற்காத அறுநூறு பிரதி கிடங்கில் இருக்கிறது, இடத்துக்கு வாடகை வாங்குகிறது, மழைக்காலத்தில் ஈரம் குடிக்கிறது. சமமாகும் எண்ணிக்கையை விற்கும் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் அவசரமாக அச்சுக்குப் போகும் புத்தகங்களில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம்.

எத்தனை விற்கும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? தெரியாது என்பதையே கணக்கில் கொண்டுவரலாம். ஒரு புத்தகம் இருநூறு நிச்சயம் விற்கும், நானூறு விற்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி, நானூறையும் ஆஃப்செட்டில் ஒரேயடியாக அடிப்பது. செலவு 31,800. இன்னொரு வழி, டிஜிட்டலில் இருநூறு அடித்து, விற்றால் இன்னொரு இருநூறு அடிப்பது. ஒவ்வொரு தடவையும் 19,400. நானூறும் விற்றுவிட்டால் இரண்டு தடவைக்கு 38,800, ஆஃப்செட்டைவிட 7,000 அதிகம். இருநூறோடு நின்றுவிட்டால் 19,400-ஓடு முடிந்தது, ஆஃப்செட்டைவிட 12,400 மிச்சம்.

இரண்டாவது இருநூறு விற்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு இருந்தால் இரண்டு வழியும் சமம்? 7,000-ஐ, 7,000-மும் 12,400-மும் சேர்ந்த 19,400-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 36. வாய்ப்பு அதைவிட அதிகம் என்று பதிப்பாளருக்குத் தோன்றினால், நானூறு என்ற எண் முந்நூறைத் தாண்டியதாகவே இருந்தாலும், டிஜிட்டலில் இரண்டு தவணையாக அடிப்பதுதான் சரி. புதிய கவிஞரின் முதல் தொகுப்புக்கும், கல்லூரிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற நாவலுக்கும் பக்க எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். இந்த வாய்ப்பு ஒன்றாக இருக்காது.

முந்நூறை ஒட்டி நிற்கும் எண்ணிக்கைகளில் ரொம்பவும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 270-க்கும் 330-க்கும் நடுவில் எந்த இயந்திரத்தைத் தேர்ந்தாலும் தவறினால் போவது அதிகபட்சம் 1,800 ரூபாய். கொட்டேஷனில் பிளேட் விலை சற்று மாறினாலே அந்த அளவு நகரும். அந்த இடத்தில் வேறு விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். பழைய புகைப்படங்கள் நிறைய இருந்தால் இரண்டிலும் ஒரு ஃபாரம் மாதிரி அடித்துப் பார்த்துச் சாம்பல் நிறங்கள் எதில் நன்றாக விழுகின்றன என்று பார்க்கலாம். நான்கு நாளில் வேண்டும் என்றால் எந்த அச்சகத்தில் வரிசை குறைவோ அங்கே கொடுக்கலாம்.

மறுபதிப்புக்கு வரும்போது மட்டும் பழைய எண்ணை அப்படியே எடுத்து வைக்கக் கூடாது. முதல் பதிப்பின் பிளேட்டுகள் பத்திரமாக இருந்தால் ஆஃப்செட்டின் நிலைச்செலவில் 7,200 குறைந்து 11,800 ஆகிறது. வித்தியாசம் 10,800, அறுபதால் வகுத்தால் 180. முதல் பதிப்புக்கு முந்நூறாக இருந்த எண் இரண்டாம் பதிப்புக்கு நூற்றெண்பதாக இறங்கிவிடுகிறது. நடுவில் எழுத்துப் பிழைகள் கண்ணில் பட்டிருந்தால், அந்தப் பக்கங்கள் உட்கார்ந்திருக்கும் பிளேட்டை மட்டும் புதிதாகப் போட்டால் போதும். ஐந்து பிழைகள் ஐந்து வெவ்வேறு பிளேட்டில் இருந்தால் 1,500 ரூபாய் கூடும், எண் 205 ஆகும்.

ஆனால் அலுமினியத்துக்குப் பழைய சாமான் கடையில் நல்ல விலை உண்டு. ஓட்டம் முடிந்ததும் பிளேட்டுகள் கட்டாகக் கட்டப்பட்டு எடைக்குப் போய்விடும். போகாமல் மூலையில் சாய்த்து வைத்தாலும், மேலே கோந்து பூசாமல் விட்டால் காற்றுப்பட்டுக் கறுத்து, அடுத்த முறை வெள்ளை இடத்திலும் மை பிடிக்கும். ஆகவே மறுபதிப்பு வரும் என்ற நம்பிக்கை இருக்கும் புத்தகத்துக்கு, முதல் பதிப்பு இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அன்றே அச்சகத்தில் சொல்லிவிட வேண்டும்: பிளேட்டுக்குக் கோந்து பூசி, நடுவில் தாள் வைத்து, புத்தகத்தின் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள் என்று.